நாத்தனாருக்காக எடுத்த குழு லோன்

“மேடம், வியாசர்பாடியில் டிபன் கடை வைத்திருக்கிறேன். என்னுடையதும் கணவருடையதும் சேர்ந்து மாதம் 24,000 வருமானம். ஐந்து பேர் குழுவில் 40,000 லோன் ஓடுகிறது. இன்னொரு கம்பெனிக் குழுவில் நாத்தனாருக்காக என் பெயரில் 40,000 எடுத்துக் கொடுத்தேன், மகள் சடங்குக்கு. மூன்று மாதமாக அவர் தரவில்லை, நான்தான் கட்டுகிறேன். ஆப்பில் 30,000 எடுத்து இதை முடித்துவிடலாமா?”

வேண்டாம். முதலில் கணக்கைப் பாருங்கள். 24% வட்டி, 24 மாதம் என்றால் தவணை சுமார் 2,115 ரூபாய். நாத்தனார் எட்டு, நீங்கள் மூன்று கட்டியது போக, 13 தவணைகளில் அசல் பாக்கி ஏறக்குறைய 24,000. ஆப் கடன் 36% வட்டிக்கு ஒரு வருடம் என்று வைத்தால் மாதம் 3,000 கட்ட வேண்டும். 2,115-ஐத் தாங்க முடியாமல் 3,000-க்குப் போவதா? பிராசசிங் கட்டணம் வேறு.

தொல்லை வட்டியில் மட்டும் இல்லை. உங்கள் பெயரை நாத்தனாருக்குக் கொடுத்ததில் இருக்கிறது. இந்தக் கடனுக்கு நகையோ பத்திரமோ கேட்பதில்லை. அதற்குப் பதில் நாலு பெண்களின் கண்தான் ஜாமீன். யார் கடை ஓடுகிறது, யார் வீட்டில் குடிக்கிறார்கள் என்று தெரிந்துதான் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தக் குழு எடைபோட்டது உங்களை, நாத்தனாரை அல்ல. அவர் நின்றால் உங்கள் பெயரில்தான் பாக்கி. கிரெடிட் பீரோவிலும் அப்படித்தான் ஏறும். நீங்களும் நின்றுவிட்டால் மற்ற நால்வரும் ஆளுக்கு 530 ரூபாய் போட வேண்டும். ஒருவருக்காக அது முடியும். இருவர் நின்றால் மீதி மூவருக்கு ஆளுக்கு 1,410. இப்படித்தான் குழுக்கள் உடைகின்றன.

ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி வீட்டின் எல்லாக் கடன் தவணைகளும் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. உங்களுக்கு அது 12,000. இப்போது கட்டுவது 4,230. ஆகவே விதி உங்களைத் தடுக்காது, கடன் கொடுக்கவும் ஆள் வருவார்கள். அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கணவரையும் உட்காரவைத்து நாத்தனாரிடம் பேசுங்கள். தங்கை விஷயம், நீங்கள் மட்டும் கேட்டால் வேறு மாதிரி ஆகிவிடும். சடங்கில் வந்த நகையைப் பொதுத்துறை வங்கியில் அவர் பெயரில் அடகு வைத்து 24,000 வாங்கட்டும். அங்கே வட்டி பாதிக்கும் கீழேதான் இருக்கும். அதை வைத்து லோனை மொத்தமாக அடையுங்கள். மைக்ரோஃபைனான்ஸ் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் போடக்கூடாது. நீங்கள் கட்டிய 6,345 பிறகு வரட்டும்.

நகை கிடைக்காவிட்டால், அடுத்த சென்டர் மீட்டிங்கில் அந்தக் குழுவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, தவணையைக் குறைத்து மாதத்தை நீட்டித் தரக் கேளுங்கள். வட்டி கூடும், ஆனால் மாதம் தாங்கும். வசூலுக்கு வருபவர் காலை 9-க்கு முன்போ மாலை 6-க்குப் பின்போ போன் செய்யக்கூடாது. செய்தால் தேதியோடு எழுதிவைத்துக் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு அனுப்புங்கள்.