செக்கு எண்ணெய்த் தொழிலுக்குக் கணக்குத் தலைப்புகள்: எதை எங்கே வைப்பது, எண் எப்படிக் கொடுப்பது?

கேள்வி: ஈரோட்டுக்கு அருகே மரச்செக்கு வைத்துக் கடலை எண்ணெய் ஆட்டி விற்கிறேன். தொடங்கி மூன்று மாதம் ஆகிறது, நான் மட்டுமே உரிமையாளர். டேலியில் கணக்கு எழுதும் தம்பி, பில் வரவர ஒவ்வொன்றுக்கும் ஒரு லெட்ஜர் திறந்து, அது இப்போதே நூற்றைத் தாண்டிவிட்டது. மாதக் கடைசியில் பார்த்தால் செக்கில் லாபமா நட்டமா என்றே புரியவில்லை. தலைப்புகளை எப்படிப் பிரிப்பது? எண் கொடுக்க வேண்டும் என்கிறார்களே, அது எப்படி?

பதில்: பில்லைப் பார்த்துத் தலைப்புத் திறப்பதுதான் இந்தச் சிக்கலின் வேர். மாதக் கடைசியில் உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்த விடையைத் தரும் அளவுக்கு மட்டும் தலைப்பு வைத்தால், உங்கள் அளவிலான தொழிலுக்கு ஐம்பது அறுபது தலைப்புகளே தாராளம். ஒரு தலைப்பு தனியாக இருக்க இரண்டு காரணங்கள்தாம் உண்டு: அந்தத் தொகையைப் பார்த்து நீங்கள் ஏதேனும் ஒரு முடிவு எடுப்பீர்கள், அல்லது சட்டம் அதைத் தனியாகக் கேட்கிறது. இரண்டும் இல்லையென்றால் அதைப் பக்கத்துத் தலைப்போடு சேர்த்துவிடலாம்.

உங்கள் தொழிலில் முதலில் சரியாக விழ வேண்டிய கோடு, நேரடிச் செலவுக்கும் மறைமுகச் செலவுக்கும் நடுவே உள்ளது. பாட்டில் மூடப்பட்டு விற்பனைக்குத் தயாராகும்வரை ஆன செலவு நேரடிச் செலவு. அதன்பின் விற்கவும் கடையை நடத்தவும் ஆனது மறைமுகச் செலவு. கடலை மூட்டையைச் செக்குக்குக் கொண்டுவந்த வண்டி வாடகையும் இறக்குக்கூலியும் உள் தூக்குக்கூலி என்பதால் அவை நேரடிச் செலவு. எண்ணெயை வாடிக்கையாளருக்கு அனுப்பிய பார்சல் கட்டணம் வெளித் தூக்குக்கூலி என்பதால் அது மறைமுகச் செலவு. இரண்டையும் ‘வண்டி வாடகை’ என்று ஒரே தலைப்பில் போட்டுவிட்டால், எண்ணெய் ஒரு லிட்டருக்கு அடக்கம் எவ்வளவு என்று எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது.

இதை ஒரு மாதக் கணக்கில் பார்ப்போம். தொடக்க இருப்பும் இறுதி இருப்பும் இல்லை, தொகைகள் யாவும் ஜி.எஸ்.டி. நீங்கலானவை என்று வைத்துக்கொள்வோம். கிலோ 110 ரூபாய்க்கு 2,000 கிலோ நிலக்கடலைப் பருப்பு வாங்கினீர்கள். அது 2,20,000 ரூபாய். உள் தூக்குக்கூலி 5,000, செக்கு ஆள் கூலி 20,000, செக்குக்கான மின்சாரம் 7,000, பாட்டிலும் லேபிளும் 12,000 என நேரடிச் செலவு மொத்தம் 2,64,000 ரூபாய். நூறு கிலோவுக்கு நாற்பது கிலோ எண்ணெய் என்று கொண்டால் கிடைப்பது 800 கிலோ, அதாவது ஏறத்தாழ 880 லிட்டர். லிட்டர் 300 ரூபாய் வீதம் விற்றால் 2,64,000 ரூபாய் வருகிறது. சேதாரம் போக மிஞ்சிய 1,100 கிலோ பிண்ணாக்கைக் கிலோ 40 ரூபாய்க்குக் கொடுத்தால் 44,000 ரூபாய்.

இந்த 44,000 எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். வங்கி வட்டியோடு சேர்த்து ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில் இருந்தால், செக்கின் மொத்த லாபம் சுழியம் என்று கணக்கு காட்டும். ‘விற்பனை’ என்ற ஒற்றைத் தலைப்பில் எண்ணெயோடு கலந்திருந்தால், 44,000 ரூபாய் லாபம் என்று காட்டும். ஆனால் அது முழுவதும் பிண்ணாக்கிலிருந்து வந்தது என்பது மறைந்துபோகும். மாட்டுத் தீவன விலை சரிந்து பிண்ணாக்கு 25 ரூபாய்க்கு இறங்கும் மாதத்தில் லாபம் ஏன் குறைந்தது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே எண்ணெய் விற்பனையும் பிண்ணாக்கு விற்பனையும் விற்பனைத் தொகுதிக்குள்ளேயே, ஆனால் தனித்தனித் தலைப்பாக இருக்க வேண்டும். லாபம் புரியவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். முதலில் இதைத் திறந்து பாருங்கள்.

இனி எண். நான்கு இலக்கம் போதும். முதல் இலக்கம் வகையைச் சொல்ல வேண்டும்: 1 சொத்து, 2 பொறுப்பு, 3 முதல், 4 வருமானம், 5 நேரடிச் செலவு, 6 மறைமுகச் செலவு. இரண்டாம் இலக்கம் அந்த வகைக்குள் தொகுதி. கடைசி இரண்டு இலக்கங்களைப் பத்துப் பத்தாக நகர்த்தி, நடுவில் இடம் விட்டு வையுங்கள். உங்கள் 4, 5 வரிசைகள் இப்படி அமையும்:

4110 எண்ணெய் விற்பனை
4210 பிண்ணாக்கு விற்பனை
4910 இதர வருமானம்
5110 நிலக்கடலைப் பருப்பு கொள்முதல்
5210 உள் தூக்குக்கூலி, இறக்குக்கூலி
5310 செக்கு ஆள் கூலி
5320 செக்கு மின்சாரம்
5410 பாட்டில், மூடி, லேபிள்

நாளைக்கு எள் வாங்கினால் 5120, கொப்பரை வாங்கினால் 5130. ஊர்க்காரர்கள் கொண்டுவரும் கடலையைக் கூலிக்கு ஆட்டிக் கொடுக்கத் தொடங்கினால் அந்த வருமானத்துக்கு 4310. பழைய எண் எதையும் தொட வேண்டியதில்லை. 1, 2, 3 என்று இடைவெளியின்றி எண் கொடுத்தவர்கள், எள் கொள்முதலைப் பட்டியலின் கடைசியில் தொலைபேசிச் செலவுக்குக் கீழே கொண்டுபோய் வைத்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எண்ணுக்குள் எதைத் திணிக்கக் கூடாது என்பதும் முக்கியம். வாடிக்கையாளர் பெயர், பாட்டில் அளவு, கடைக் கிளை ஆகியவை எண்ணில் வரக் கூடாது. அரை லிட்டர், ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் விற்பனையைப் பிரித்துக் காட்டுவது சரக்குப் பட்டியலின் வேலை; கிளை வாரியாகக் காட்டுவதற்கு டேலியில் `Cost Centre` இருக்கிறது. கடன் வைத்த கடைக்காரர்களும் உங்களுக்குக் கடலை தரும் வியாபாரிகளும் லெட்ஜராக இருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் `Sundry Debtors`, `Sundry Creditors` என்ற தொகுதிகளுக்குள் பெயரோடு இருந்தால் போதும், எண் வேண்டாம். அவர்களை நீக்கிவிட்டு எண்ணினால் உங்கள் நூறு லெட்ஜர் பாதியாகக் குறைந்தாலும் வியப்பில்லை.

டேலியில் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் கொடுக்கும் எண்ணை டேலி மதிப்பதில்லை. லெட்ஜரை எந்தக் குரூப்பின் கீழ் வைத்தீர்களோ அதை வைத்தே அது லாப நட்டக் கணக்கைத் தயாரிக்கும். 5320 என்று எண் கொடுத்துவிட்டு `Indirect Expenses` குரூப்பில் வைத்தால், செக்கு மின்சாரம் மொத்த லாபத்துக்குக் கீழேதான் போய் நிற்கும். ஆகவே 51 வரிசை `Purchase Accounts`, மற்ற 5 வரிசை `Direct Expenses`, 6 வரிசை `Indirect Expenses`, 41 முதல் 43 வரை `Sales Accounts`, 49 வரிசை `Indirect Incomes` என்று எண்ணும் குரூப்பும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். எண்ணை லெட்ஜரின் `alias` இடத்தில் எழுதி வைத்தால், பதிவு போடும்போது 5320 என்று தட்டினாலே அந்த லெட்ஜர் வந்து நிற்கும். எழுத்துப் பிழையால் ‘டீ செலவு’, ‘டீச்செலவு’, ‘தேநீர் செலவு’ என்று மூன்று லெட்ஜர் முளைப்பதும் இதனால் நிற்கும்.

செக்குக்கும் கடைக்கும் ஒரே மின் இணைப்பு என்றால் ஒரு சப் மீட்டர் மாட்டுவது நல்லது. அது இயலாவிட்டால், மோட்டார் ஓடும் நேரத்தை ஒரு மாதம் குறித்துப் பார்த்து ஒரு விகிதத்தை நிர்ணயித்து, ஒவ்வொரு பில்லையும் அதே விகிதத்தில் செக்கு மின்சாரமான 5320க்கும், கடை மின்சாரத்துக்கு 6120 என்று ஒன்று திறந்து அதற்கும் பிரியுங்கள். விகிதம் துல்லியமாக இருப்பதைவிட, ஆண்டு முழுவதும் மாறாமல் இருப்பது முக்கியம்.

சட்டத்துக்காகப் பிரிக்க வேண்டியவை சிலவே. ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரிக்கு மூன்று, வெளியீட்டு வரிக்கு மூன்று என சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி., ஐ.ஜி.எஸ்.டி. ஆகியவற்றுக்குத் தனித்தனித் தலைப்பு வேண்டும். மாத ரிட்டர்னில் அப்படித்தான் கேட்கிறார்கள். வரி விகிதத்துக்கு ஒன்றாக மீண்டும் பிரிக்க வேண்டியதில்லை, அந்தக் கணக்கை மென்பொருளே தரும். நிலைச் சொத்துகளை வருமான வரித் தேய்மான விகிதப்படி தொகுத்தால் ஆண்டுக் கடைசியில் உங்கள் ஆடிட்டருக்கு வேலை மிச்சம்: இயந்திரங்கள் 15 சதவீதம், மேசை நாற்காலி அலமாரி 10 சதவீதம், கணினி 40 சதவீதம். செக்கு, மோட்டார், வடிகட்டி மூன்றும் ‘இயந்திரங்கள்’ என்ற ஒரே தலைப்பில் இருக்கலாம். எதை எப்போது என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்ற விவரத்துக்குத் தனியே ஒரு சொத்துப் பதிவேடு வையுங்கள்.

புதிதாகத் தொடங்கியவர்கள் தவறாமல் சறுக்கும் இடங்கள் இரண்டு. கடை எடுக்கும்போது கொடுத்த அட்வான்ஸ் வாடகைச் செலவு அன்று. திரும்ப வரவேண்டிய பணம் என்பதால், மின் இணைப்புக்குக் கட்டிய டெபாசிட்டோடு அதுவும் 1 வரிசையில் சொத்தாக நிற்க வேண்டும். மற்றொன்று வீட்டுச் செலவு. கல்லாவிலிருந்து எடுத்து மளிகை வாங்கியது, பிள்ளைக்குக் கட்டிய பள்ளிக் கட்டணம் எல்லாம் 3210 எடுப்புகள் என்ற ஒரே தலைப்புக்குப் போக வேண்டும். அது தொழிலின் செலவு ஆகாது. உங்கள் முதலிலிருந்து கழியும். நீங்கள் போட்ட பணம் 3110 முதல், எடுத்தது 3210 எடுப்புகள் என்று பிரித்து வைத்தால், தொழில் உங்களைச் சுமக்கிறதா, நீங்கள் தொழிலைச் சுமக்கிறீர்களா என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

‘இதரச் செலவு’க்கு 6910 என்று ஓர் இடம் இருக்கட்டும், ஆனால் அதைக் கண்காணியுங்கள். நான் கணக்குப் பார்க்கச் சென்ற ஒரு சிறு நிறுவனத்தில், செலவுத் தலைப்புகளிலேயே பெரிய தொகை இதரச் செலவில்தான் இருந்தது. உள்ளே பிரித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் இயந்திரப் பழுதுச் செலவு. ஒரே வகைச் செலவு மூன்று மாதம் தொடர்ந்து 6910இல் விழுந்தால் அதற்குத் தனி எண் கொடுங்கள். மாறாக, ஆண்டு முழுவதும் ஒரே ஒரு பதிவு விழுந்த தலைப்பை அடுத்த ஆண்டு பக்கத்துத் தலைப்போடு இணையுங்கள். என்ன பில் என்று தெரியாத தொகைக்கு 2910 அனாமத்து என்று ஒன்று வைத்து, மாதக் கடைசியில் அதன் இருப்பு சுழியம் ஆகும்வரை அந்த மாதக் கணக்கை முடிக்காதீர்கள்.

உங்களுக்கு மூன்று மாதப் பதிவுகளே இருப்பதால், நிதியாண்டு முடியக் காத்திராமல் இப்போதே திருத்திவிடலாம். முதலில் பேக்கப் எடுங்கள். பிறகு இருப்பாய்வை அச்சிட்டு, ஒவ்வொரு லெட்ஜருக்கும் எதிரே புதிய எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். ஒரே எண் பெற்ற லெட்ஜர்களின் பதிவுகளை ஒன்றுக்கு மாற்றிவிட்டு, காலியானவற்றை நீக்குங்கள். திருத்தும் முன்பும் பின்பும் நிகர லாபம் பைசா மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால், அட்வான்ஸ், டெபாசிட் அல்லது வீட்டுச் செலவு எதுவோ முன்பு செலவில் இருந்திருக்கிறது. அந்த வித்தியாசத்தை ஒவ்வொன்றாக எழுதி விளக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த மாதக் கணக்குக்குச் செல்லுங்கள்.