பேர்ன் அவுட் ஆய்வு: எண்ணுவதா, உட்கார்ந்து பேசுவதா? (கேள்வி பதில்)

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாதி: அக்கா, எங்கட ஆஸ்பத்திரியில 120 நேர்ஸ்மார் இருக்கிறம். எத்தனை பேருக்கு பேர்ன் அவுட், அது ஏன் வருது, ரெண்டையும் ஒரே கேள்விக்கொத்தில எடுக்கலாமா?

எத்தனை பேருக்கு என்பதை எடுக்கலாம் தங்கச்சி. ஏன் என்பதில்தான் வழுக்கும். ஒரே தடவை கொடுத்து வாங்கும் தாளில், சோர்வும் டியூட்டியும் சேர்ந்து வருகிறதா என்பது மட்டும்தான் தெரியும். ஐசியூவில் சோர்வு குறைவு, மெடிக்கல் வார்டில் கூட என்று விடை வருகிறது என்று வையுங்கள். ஐசியூ வேலை சுகம் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் ஐசியூவில் தாங்க முடியாதவர்கள் போன வருடமே மாற்றம் கேட்டு மெடிக்கல் வார்டுக்கு வந்திருந்தால்? அங்கே மிச்சமிருப்பது தாங்கக்கூடியவர்கள். மெடிக்கல் லீவில் வீட்டிலிருப்பவரிடம் உங்கள் தாள் போகவே போகாது. இந்தக் கதையைச் சொல்லக்கூடியவர் மாற்றம் கேட்டுப் போன அந்த ஆள். அவரோடு ஒரு மணித்தியாலம் உட்கார வேண்டும்.

அதனால், முடிவை யார் கையில் கொடுக்கப் போகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். ஆள் போதாது என்று பணிப்பாளரிடம் போவதென்றால் எண் வேண்டும், அளவுசார் ஆய்வு செய்யுங்கள். எல்லாரும் களைத்திருப்பது தெரிந்ததுதான், எது களைக்க வைக்கிறது என்றுதான் தெரியவில்லை என்றால் உட்கார்ந்து பேசிக் கேட்கும் பண்புசார் ஆய்வு. ஒரு வருடத்துக்குள் ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்யலாம்.

கல்முனையிலிருந்து ஒரு தம்பி: மாதிரி 384 பேர் வேணும் என்று எல்லாரும் எழுதுறாங்க. 120 பேர்தான் இருந்தா என்ன செய்யிறது?

384 பெரிய சனத்தொகைக்கு வரும் கணக்கு. பாதிப் பேருக்கு இருக்கலாம் என்று வைத்து, 5 வீதப் பிழைக்கு இடம் விட்டால் அந்த எண் வரும். சிறிய இடத்துக்குச் சுருக்க வேண்டும்:

```
384 / (1 + 383/120) ≈ 92
```

ஐந்தில் ஒருவர் தாளைத் திருப்பித் தரமாட்டார் என்று எதிர்பார்த்தால் 115 ஆகிறது. அப்புறம் ஐந்து பேரை மட்டும் ஏன் விடுவான்? 120 பேருக்கும் கொடுங்கள்.

அம்பாறையிலிருந்து: பேர்ன் அவுட்டை அளக்கிற மாஸ்லாக் கேள்விக்கொத்தை நானே தமிழாக்கலாமா? எங்கட இடத்தில சிங்கள நேர்ஸ்மாரும் இருக்காங்க.

மாஸ்லாக்கின் 22 கேள்விகளுக்கும் உரிமம் வாங்க வேண்டும், காசு போகும். மொழிபெயர்க்கவும் அனுமதி தேவை. கொப்பன்ஹேகன் கேள்விக்கொத்து 19 கேள்விகள், இலவசம். ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. வேலையால் ‘பேர்ன்ட் அவுட்’ ஆகிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். என்னிடம் வந்த ஒரு மாணவி அதை ‘எரிந்துபோகிறீர்களா’ என்று போட்டார். பத்துப் பேரிடம் சோதித்தபோது பாதிப் பேர் எரிச்சலைப் பற்றிப் பேசினார்கள், ஒருவர் சிஸ்டர் மேலுள்ள வயிற்றெரிச்சலை. ‘உடம்பும் மனசும் விட்டுப்போன மாதிரி’ என்று மாற்றியபிறகுதான் சரிவந்தது. சிங்களப் பிரதிக்கும் இதே சோதனை வேண்டும். இல்லாவிட்டால் இரு பகுதியினருக்கும் இடையில் தெரியும் வித்தியாசம் சோர்வின் வித்தியாசமா, சொல்லின் வித்தியாசமா என்று பிரிக்க முடியாது.

மட்டக்களப்பிலிருந்து: பண்புசார் ஆய்வு ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்குப் பயந்தவங்களுக்குத்தானே?

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க நாலைந்து மணி நேரம் போகும். பன்னிரண்டு பேர் என்றால் கணக்குப் போடுங்கள். அதற்குப் பிறகு மேற்கோள்களை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது ‘சீ என்று போச்சு மிஸ்’ என்பதை என்ன செய்வீர்கள்?

ஓய்வுபெற்ற ஒரு விரிவுரையாளர்: நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடு என்பது பழைய பாடம். கேள்விக்கொத்து முடித்து, அதிகம் சோர்ந்தவர்களில் ஆறு பேரிடம் பேசலாமே. என் மாணவர்கள் செய்தார்கள்.

செய்யலாம் சேர், முழுநேர மாணவர்கள் என்றால். ஆனால் சோர்ந்தவரைத் தேடிப் பிடிக்க தாளில் பெயரோ இலக்கமோ வேண்டும். பெயர் இருக்கிறது என்று தெரிந்ததும் எல்லாரும் ‘ஒருபோதுமில்லை’ என்றுதான் வட்டம் போடுவார்கள்.

அதே விரிவுரையாளர்: இலக்கப் பட்டியலை வெளி ஆள் வைத்திருந்தால்?

எங்கள் ஊரில் வெளி ஆள் யார்? எல்லாரும் யாருக்கோ மச்சாள்.

ஏறாவூரிலிருந்து: நான் வார்ட் சிஸ்டர். என் வார்டிலேயே இன்டர்வியூ செய்தால் பிள்ளைகள் மனம் திறப்பார்கள்.

திறக்கமாட்டார்கள். ரோஸ்டர் போடுவது நீங்கள். எத்தனை தடவை சொன்னாலும் இதையேதான் கேட்கிறீர்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முடியாவிட்டால் தாளைப் பெட்டியில் போடச் சொல்லி அளவுசார் ஆய்வு செய்யுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: இன்டர்வியூவுக்கும் 92 பேரா அக்கா?

இல்லை. பன்னிரண்டு, பதினைந்து. மூன்று பேர் தொடர்ந்து புதிதாக ஒன்றும் சொல்லாவிட்டால் நிறுத்தலாம்.

கல்முனையிலிருந்து இன்னொருவர்: மாதிரி எத்தனை பேர் என்று சொல்லவே இல்லையே?

மேலே பாருங்கள்.