"ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொல்லும் கணவர்

கேள்வி: கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நல்ல மனிதர், எங்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் மனசில் இருப்பதை மட்டும் சொல்லவே மாட்டார். ஐந்து மாதத்துக்கு முன் மாமனார் இறந்துபோனார். அன்றைக்கும் இவர் அழவில்லை, இன்றுவரை அதைப் பற்றிப் பேசவும் இல்லை. ராத்திரி படுக்கும்போது "என்னங்க ஆச்சு, சொல்லுங்க" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறார். திரும்பக் கேட்டால் செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். இவரை எப்படிப் பேச வைப்பது?
— வாசகி, திருப்பூர்

பதில்: "திரும்பக் கேட்டால்" என்று எழுதியிருக்கிறீர்களே, முடிச்சு அங்கேதான் விழுகிறது. நீங்கள் கேட்கக் கேட்க அவர் ஒதுங்குகிறார். அவர் ஒதுங்குவதைப் பார்த்து நீங்கள் இன்னும் கேட்கிறீர்கள். தம்பதிகளிடம் மிக அதிகமாகத் தென்படும் சுழல் இது. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். இதில் இருவருக்குமே தன் பக்கம் நியாயமாகத்தான் தெரியும். "அவர் பேசாததால் கேட்கிறேன்" என்பீர்கள் நீங்கள். "விடாமல் கேட்பதால் எழுந்து போகிறேன்" என்பார் அவர். யாரில் தொடங்கியது என்று தேடிப் பயனில்லை. உங்கள் கையில் இருப்பது உங்கள் பாதி. அதை மாற்றினால் சுழல் தளரும்.

முதலில் மொட்டை மாடி. எழுந்து போகிறவர் அக்கறையில்லாமல் போகிறார் என்றுதான் தோன்றும். சியாட்டிலில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர், தம்பதிகள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்களின் இதயத் துடிப்பை அளந்தார். வாயை மூடிக்கொண்டு சுவர்போல் உட்கார்ந்தவர்கள் உள்ளே அமைதியாக இல்லை. துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும்போது எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறுவதும், பதிலுக்கு வார்த்தை தேடுவதும் கஷ்டமாகிவிடும். அது அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்கிறார் அவர். அதனால் உங்கள் கணவர் எழுந்தால் பின்னாலேயே போகாதீர்கள். "சரிங்க, போயிட்டு வாங்க" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் அன்று ராத்திரி அந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம். எழுந்து போனால் நீங்கள் துரத்தப்போவதில்லை என்று நம்பிக்கை வந்த பிறகுதான் உட்கார்ந்து பேசும் தைரியம் வரும்.

அடுத்து, நீங்கள் கேட்கும் கேள்வி. "மனசுல என்ன இருக்கு" என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தும் மறைக்கிறார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பலருக்குப் பதிலே தெரியாது. "ஆம்பளப் பையன் அழலாமா" என்று கேட்டு வளர்ந்தவருக்குக் கோபம், களைப்பு என்ற இரண்டைத் தவிர மற்றதற்குப் பெயர் வைக்கப் பழக்கமே இருந்திருக்காது. உணர்ச்சியை அடையாளம் கண்டு சொல்ல முடியாத இந்த நிலையை 'அலெக்ஸிதைமியா' என்பார்கள். இது நோய் அல்ல, ஆளுக்கு ஆள் கூடக்குறைய இருக்கும் ஒரு தன்மை. இவர்களின் துக்கம் உடம்பு வழியாகப் பேசும்: "தலை பாரமா இருக்கு", "தூக்கம் பிடிக்கல", "சாப்பாடு இறங்கல" என்று. அந்த வாசலில் போய் நில்லுங்கள். "நேத்தும் ரெண்டு மணிக்கு எழுந்துட்டீங்களே, தூக்கம் வரலையா?" என்ற கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியும். (நெஞ்சு அடைக்கிறது என்றால் மட்டும் துக்கம்தான் என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.)

படுக்கை நேரத்தை விட்டுவிடுங்கள். நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவரிடம், விளக்கை அணைத்த பிறகு கேட்டால் அது விசாரணைபோல இருக்கும். கை ஏதோ வேலையில் இருக்க வேண்டும், முகம் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பூண்டு உரிக்கும் நேரமோ, துணி மடிக்கும் நேரமோ போதும். அங்கேயும் கேள்வியோடு ஆரம்பிக்காதீர்கள். உங்களைப் பற்றி ஒன்று சொல்லுங்கள்: "நேத்து சந்தையில முருங்கைக்காயைப் பார்த்ததும் மாமா ஞாபகம் வந்துடுச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு." அவ்வளவுதான். "உங்களுக்கு?" என்று சேர்க்காதீர்கள். பேசாமல் பூண்டை உரியுங்கள். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அன்றைக்கு அதோடு முடிந்தது.

ஒருநாள் சொல்வார். எப்படிச் சொல்வார் தெரியுமா? "அப்பா எப்பவும் கட்டோடதான் வாங்கிட்டு வருவாரு." பார்க்க முருங்கைக்காயைப் பற்றிய பேச்சு. ஐந்து மாதத்தில் அப்பாவைப் பற்றி அவர் வாயில் வந்த முதல் வாக்கியம் இது. இங்கேதான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. "அப்பாடா, இன்னைக்காவது வாயைத் திறந்தீங்களே" என்றால் அவர் கூச்சப்பட்டு மூடிக்கொள்வார். "அழுதுடுங்க, பாரம் குறையும்" என்றாலும் அதே கதிதான். அவர் எந்த அளவில் பேசினாரோ அதே அளவில் நீங்களும் நில்லுங்கள்: "ஆமா, யாரு இதையெல்லாம் நறுக்கறதுன்னு அத்தை திட்டுவாங்க." அவர் லேசாகச் சிரித்துவிட்டு எழுந்து போனாலும் அது நல்ல ஞாயிற்றுக்கிழமைதான்.

இப்படிச் சில வாரங்கள் போன பிறகு, நடந்ததைப் பற்றி ஒரு சின்னக் கேள்வி கேட்கலாம். "கடைசி ராத்திரி ஆஸ்பத்திரியில நீங்கதானே கூட இருந்தீங்க?" அதற்கு, "ரெண்டு நாள் முன்னாடியே கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்று அவர் சொல்லக்கூடும். இத்தனை நாள் உள்ளே கிடந்தது இதுவாக இருக்கலாம். "சேச்சே, உங்க மேல என்ன தப்பு, அதெல்லாம் நினைக்காதீங்க" என்றுதான் பாசத்தில் நமக்கு வாய் வரும். ஆனால் அது, இதைப் பேசாதே என்று சொல்வதற்குச் சமமாகிவிடும். "அதுதான் மனசுல ஓடிட்டே இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவர் முழுக்கச் சொல்லி முடித்த பிறகு, டாக்டர் அன்றைக்கு என்ன சொன்னார் என்பதை இருவருமாக நினைவுபடுத்திப் பார்க்கலாம். ஆறுதல் அந்த இடத்தில்தான் ஒட்டும்.

இன்னொன்று, அவர் சொன்னது உங்கள் இருவரோடு இருக்க வேண்டும். "உங்க தம்பி இப்பதான் மனசு விட்டுப் பேசினாரு" என்று நாத்தனாருக்குப் போனில் சொல்லி, அது அவர் காதுக்குத் திரும்பி வந்தால் அடுத்த வாக்கியத்துக்கு ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

மாற்றம் நீண்ட பேச்சாக வராது. மாடியிலிருந்து சீக்கிரம் இறங்குவார், கம்பெனியில் நடந்ததை நீங்கள் கேட்காமலே சொல்வார், அப்பா பேச்சை அவரே எடுப்பார். அழுவார் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். துக்கத்தைக் காரியத்தில் கழிப்பவர்கள் நிறையப் பேர். அப்பாவின் வண்டியைத் துடைத்து வைப்பதும், அவர் வைத்துவிட்டுப் போன கடனை அடைப்பதும் சிலருக்கு அழுகைதான்.

சில விஷயங்கள் மட்டும் இந்த வழியில் தீராது. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தாலோ, வேலைக்குப் போகப் பிடிக்காமல் போனாலோ, குடிக்க ஆரம்பித்தாலோ மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். "நான் இருந்து என்ன" என்பதுபோல் பேசினால் அன்றைக்கே பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மனஸ் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். பேசாமலிருப்பதை உங்களைப் பணிய வைக்கும் தண்டனையாக ஒருவர் பயன்படுத்தினால் அது வேறு பிரச்சினை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

டாக்டரிடம் போக வேண்டி வந்தால் "நீங்க போய்ப் பாருங்க" என்று சொல்ல வேண்டாம். "ரெண்டு பேருக்குமே தூக்கம் சரியில்ல, வாங்க, சேர்ந்து ஒரு தடவை பார்த்துட்டு வரலாம்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் வருவார்.