நாலாம் மாத ஊசி தப்பினால்?

“மகளுக்கு ஏழு மாதம். ரெண்டாம் மாத ஊசி மட்டும்தான் போட்டது. நாலாம் மாதம் வாழைச்சேனையில் அம்மா வீட்டில் நின்றதால் தப்பிவிட்டது. திரும்ப முதலில் இருந்து போட வேணுமா?”

இல்லை தங்கச்சி, முதல் ஊசி வீண் போகாது. எத்தனை மாதம் தப்பினாலும் விட்ட இடத்தில் இருந்துதான் தொடர்வார்கள். அட்டையில் 2 மாதக் கட்டத்தில் திகதி எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இந்தக் கிழமைக் கிளினிக்குக்கே போனால் ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட் இரண்டாவது, போலியோச் சொட்டு இரண்டாவது, கையில் தோலுக்குள் போடும் சின்னப் போலியோ ஊசி இரண்டாவது. மூன்றும் ஒரே நாளில் போடலாம். ஏழு மாதமாச்சே என்று ஆறாம் மாதத்துக்குரியதையும் அன்றே சேர்த்துக் கேட்காதீர்கள். ஒரே ஊசியின் இரண்டு டோஸுக்கு நடுவில் குறைந்தது நாலு கிழமை வேணும்; இங்கே வழக்கமாக இரண்டு மாதம் விடுவார்கள். அப்படியென்றால் மூன்றாவது டோஸ் ஒன்பதாம் மாதத்தில் விழும். அதே நாளில் சின்னமுத்தையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியையும் வேறு இடத்தில் போடலாம். பென்டா பிந்தியது என்று அதைத் தள்ளிப் போட வேண்டாம், சின்னமுத்து காத்திருக்காது.

பன்னிரண்டாம் மாத ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியை மட்டும் கவனியுங்கள். எம்.எம்.ஆர். பிந்தினால் இரண்டையும் ஒரே நாளில், இல்லாவிட்டால் நாலு கிழமை விட்டுத்தான்.

சளி, மூக்கொழுகல் தடையில்லை. முதல் ஊசிக்கு வலிப்பு வந்திருந்தால் மிஸ்ஸிடம் முன்னமே சொல்லிவிடுங்கள்.