தாய்மாமன் சீருக்குக் கடன் எதற்கு?

"எங்க அப்பாவும் அண்ணனும் சோமனூர் பக்கம் ஆறு தறி வெச்சுக் கூலிக்கு ஓட்டறாங்க. என்னைக் கொடுத்திருக்கறது திருப்பூர்ல பனியன் கம்பெனி நடத்தற வீட்டுல. அவங்க சொந்தக்காரங்க வந்திருந்தா, அப்பாவோட எக்ஸ்எல் வண்டியைச் சந்துல நிறுத்தச் சொல்லிடறேன். வைகாசியில பையனுக்குக் காதுகுத்து. நாத்தனார் குழந்தைக்கு வந்த சீர்ல அஞ்சு சவரன் இருந்துச்சு. அப்பா ரெண்டு ரூபா வட்டிக்கு மூணு லட்சம் வாங்கறேங்கறாரு. என் சேமிப்பை யாருக்கும் தெரியாம அவருகிட்டக் கொடுத்து, அவரே போட்ட மாதிரி காட்டிடலாமான்னும் தோணுது. என்ன பண்றதுங்க?"
– பெயர் வேண்டாம், திருப்பூர்

அம்மிணி, அந்தக் கடனும் வேண்டாம், மறைவாகப் பணம் கொடுப்பதும் வேண்டாம்.

முதலில் கடனைப் பார்ப்போம். மூன்று லட்சத்துக்கு ரெண்டு ரூபாய் வட்டி என்றால் மாதம் 6,000 ரூபாய், வருடத்துக்கு 72,000. அசல் அப்படியே நிற்கும். பாவும் ஊடையும் வியாபாரி கொடுக்க, மீட்டர் கணக்கில் கூலி வாங்கி ஓட்டுகிற தறி உங்கள் அப்பாவுடையது. பாவு வராத வாரம் தறி நிற்கும், வட்டி நிற்காது. அந்தச் சமயத்தில் முதலில் அடகுக்குப் போவது பெரும்பாலும் உங்கள் அண்ணியின் நகையாகத்தான் இருக்கும். அண்ணி வாய் திறந்து உங்களிடம் சொல்லவும் மாட்டார். பிறந்த வீட்டில் உங்களுக்கு இருக்கிற உறவே அதில் கசந்து போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு விசேஷத்துக்கு வைத்த சீர்தான் அடுத்ததற்கு அளவுகோல். இப்போது ஐந்து சவரன் வைத்தால், அடுத்த குழந்தையின் காதுகுத்துக்கும், பெண் குழந்தை என்றால் பிறகு அதன் சடங்குக்கும் அண்ணன் அதற்குக் கீழே இறங்க முடியாது. முடிந்ததை மட்டும் வைப்பது என்று முடிவெடுக்க, இந்த முதல் சீரை விட்டால் நல்ல சமயம் கிடைக்காது.

உங்கள் சேமிப்பைக் கொடுப்பது இதைவிடச் சிக்கல். நகைக்கடை ரசீதோ வங்கிக் கணக்கோ என்றைக்காவது வீட்டுக்காரர் கண்ணில் படும். அவருக்குக் கோபம் பணத்தின் மேல் இருக்காது, மறைத்ததன் மேல்தான் இருக்கும். அப்பாவையும் நினைத்துப் பாருங்கள். சம்பந்தி வீட்டார் "நல்லாச் செஞ்சுட்டீங்க மச்சான்" என்று கையைப் பிடிக்கும்போது, தான் போடாத நகைக்கு அவர் தலையாட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

காதுகுத்துக்கு உண்மையில் வேண்டியது என்ன? குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்து, தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்து, ஆசாரி காது குத்துவார். பையனுக்கு ஒரு ஜோடி கடுக்கன், புதுத்துணி, உங்கள் இருவருக்கும் துணி, ஆசாரிக்கு வெற்றிலை பாக்கோடு தட்சிணை, தேங்காய் பழம் வைத்த தட்டுகள். இவ்வளவு இருந்தால் முறைக்குக் குறைவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் அண்ணன் உட்கார வேண்டும். உங்கள் மாமனார் வீட்டுப் பணத்தால் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

இதை யாரிடம் எப்போது சொல்வது என்பதுதான் பாதி வேலை. முதலில் அண்ணனும் அண்ணியும் சேர்ந்து இருக்கும்போது, கடன் இல்லாமல் எவ்வளவு முடியும் என்று கேட்டு ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். விசேஷத்துக்குப் பதினைந்து நாளுக்கு முன்பாவது மாமியாரிடம், தனியாக இருக்கும்போது பேசுங்கள்: "அத்தை, எங்கண்ணன் கடுக்கனும் துணிமணியும் பதினோரு தட்டும் வெக்கறாங்க. கடன் வாங்க வேண்டாம்னு நாந்தான் சொல்லிட்டேனுங்க." சுற்றி வளைக்காதீர்கள், மன்னிப்பும் கேட்காதீர்கள். மாமியாருக்கும் அவர் சொந்தக்காரர்கள் முன்னால் ஒரு கூச்சம் இருக்கும். முன்கூட்டியே தெரிந்தால், யாராவது கேட்கும்போது சொல்ல அவரிடம் பதில் இருக்கும். தட்டு இறங்கும்போதுதான் தெரிகிறது என்றால், அந்தக் கூச்சம் கோபமாகி உங்கள் மேல் வரும்.

எக்ஸ்எல் விஷயத்தை இந்த வாரமே மாற்றுங்கள். சந்தில் நிறுத்தச் சொன்னது ஏன் என்று அப்பாவுக்குத் தெரியாமல் இருக்காது. கடன் வாங்கியாவது சீர் செய்ய வேண்டும் என்ற எண்ணமே அங்கிருந்துகூட வந்திருக்கலாம். வாசலில் நிறுத்தச் சொல்லுங்கள், விருந்தாளிகள் இருந்தால் "எங்கப்பா, தறி ஓட்டறாருங்க" என்று நீங்களே சொல்லுங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளிகள் பலரும் தோட்டத்தை விட்டு வந்து, அடுத்தவர் கம்பெனியில் வேலை கற்று மேலே வந்தவர்கள். உங்கள் மாமனாரிடம் அவர் தொழில் ஆரம்பித்த கதையைக் கேட்டுப் பாருங்கள். தறிச் சத்தம் அவருக்குப் புதிதாக இருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் "இத்தனை சவரன் வந்தே ஆகணும்" என்று அந்த வீட்டிலிருந்து வாய்விட்டுக் கேட்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் வீட்டுக்காரர். அவர் அம்மாவிடம் அவரே பேசட்டும். அந்தப் பேச்சுக்கு அப்பாவையோ அண்ணனையோ கூப்பிடாதீர்கள்.