எட்டு வருடம் கட்டிய எண்டோமென்ட் பாலிசி: சரண்டரா, தொடர்வதா?

கேள்வி: 5 லட்சத்துக்கு 20 வருட எல்.ஐ.சி. எண்டோமென்ட் பாலிசி. வருடம் 25,000 வீதம் 8 வருடம் கட்டிவிட்டேன். இதில் ஒன்றும் தேறாது, சரண்டர் பண்ணு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு நஷ்டமாகும்? வரும் பணத்தை எங்கே போடலாம்?

பதில்:

கிளையில் கேட்டால் ஒரே ஒரு தொகையைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அது போதாது. பிரீமியத்தை இன்றோடு நிறுத்தினால் முதிர்வில் நிற்கும் பெய்ட்-அப் மதிப்பு எவ்வளவு, சேர்ந்திருக்கும் போனஸ் எவ்வளவு, இன்று சரண்டர் செய்தால் கைக்கு வருவது எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கடன் பாக்கி இருந்தால் அதைக் கழித்த தொகையையும் கேளுங்கள்.

கணக்கு இப்படித்தான் போகும். 20 பிரீமியத்தில் 8 கட்டியிருக்கிறீர்கள். அதனால் 5 லட்சத்தில் இருபதில் எட்டுப் பங்கு, அதாவது 2 லட்சம், பெய்ட்-அப் மதிப்பு. போனஸ் வருடத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் ஆயிரத்துக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் பாலிசிக்கு உரியதைக் கிளையில் உறுதி செய்துகொள்ளுங்கள்). வருடம் 20,000 வீதம் எட்டு வருடத்துக்கு 1,60,000. இரண்டும் சேர்ந்து 3,60,000. ஆனால் இது முதிர்வு நாளில் கிடைக்க வேண்டிய தொகை. இன்றே வேண்டும் என்றால் மீதமுள்ள 12 வருடத்துக்காகக் குறைத்துத்தான் தருவார்கள். எவ்வளவு குறைப்பார்கள் என்பது மீதிக் காலத்தைப் பொறுத்தது. கணக்குக்காக 48 சதவீதம் என்று எடுத்தால் கைக்கு வருவது சுமார் 1,72,800. கட்டியது 2 லட்சம். அதாவது 27,200 ரூபாய் குறைவு, போதாக்குறைக்கு எட்டு வருட வட்டியும் போச்சு.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். பாலிசியை முதல் நாளிலிருந்து பார்த்தால் நிஜமாகவே சுமார்தான். 20 வருடம் கட்டி, முடிவில் 5 லட்சமும் போனஸ் 4 லட்சமும் சேர்ந்து 9 லட்சம் வந்தால் வருமான விகிதம் 5.3 சதவீதம் அளவே. 'ஒன்றும் தேறாது' என்று சொல்பவர்கள் காட்டுவது இந்த எண்ணைத்தான். ஆனால் அந்த எட்டு வருடம் முடிந்து போனது. ஏஜென்ட் கமிஷனும் ஆரம்பச் செலவுகளும் அந்த வருடங்களிலேயே பெரும்பாலும் கழிந்துவிட்டன. சரண்டர் செய்தாலும் அவை திரும்பி வராது. இன்று நீங்கள் விட்டுக்கொடுக்கப்போவது கட்டிய 2 லட்சத்தை அல்ல, கையில் கிடைக்கக்கூடிய 1,72,800-ஐ. ஆக இன்று 1,72,800-ஐயும் இனி 12 வருடம் 25,000-ஐயும் போட்டால் 9 லட்சம் வருகிறது, இது எத்தனை சதவீதம் என்பதுதான் கேள்வி. எக்செல்லில் ஒரு வரி போதும்:

```
=RATE(12,-25000,-172800,900000,1)
```

விடை சுமார் 7.4 சதவீதம். உங்கள் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 10 சதவீதத்துக்குள் இருப்பதால் முதிர்வுத் தொகைக்கு வரியும் இல்லை. பி.பி.எஃப். வட்டி 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதமாகவே இருக்கிறது. அதே பணத்தை அதே காலத்துக்கு அங்கே போட முடிந்தாலும் 8.75 லட்சம்தான் சேரும். இந்த எண்களின்படி, சரண்டர் செய்து பி.பி.எஃப்.பில் போடுவது வீண் வேலை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சரண்டர் தொகை அதிகமாக இருந்தால்தான் சரண்டர் செய்வது லாபம். 1,72,800-க்குப் பதிலாக 2,20,000 தருகிறோம் என்று கிளையில் சொன்னால், அதே வரியில் விடை 6.1-க்கு இறங்கிவிடும். அப்போது தயங்காமல் வெளியே வரலாம். உங்கள் கிளை தந்த தொகையையும், உங்கள் பாலிசிக்கு அண்மையில் அறிவித்த போனஸ் விகிதத்தையும் போட்டுப் பாருங்கள். போனஸ் ஒவ்வொரு வருடமும் அறிவிக்கப்படுவது, இனி வருவதற்கு உத்தரவாதம் கிடையாது. அதனால் ஆயிரத்துக்கு 5 ரூபாய் குறைத்தும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். விடை 7-க்குக் கீழே போனால் தொடர்வதற்குக் காரணம் இல்லை.

பிரீமியத்தை நிறுத்திவிட்டு பாலிசியை அப்படியே விடலாமே என்பார்கள். பெய்ட்-அப் ஆன பாலிசிக்குப் பொதுவாகப் புதிய போனஸ் சேராது. 12 வருடம் காத்திருந்து 3,60,000 வாங்கினால் 1,72,800-க்கு அது 6.3 சதவீதம் அளவே. உங்கள் கணக்கில் இது நடுவில் நிற்கும் வழி அல்ல, மோசமான வழி. கட்ட முடியாத நிலை வந்தால் மட்டும் யோசிக்கலாம். பணம் கொஞ்ச நாளைக்குத்தான் தேவை என்றால் பாலிசி மீது கடன் வாங்குவது மேல். சரண்டர் மதிப்பில் பெரும்பகுதி கிடைக்கும், பாலிசியும் கைவிட்டுப் போகாது.

சரண்டர் என்றே முடிவானால் முதலில், இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் பாலிசி எடுங்கள். இதைத் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. பழைய பாலிசியை முடித்த பிறகு மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ தெரிந்து விண்ணப்பம் தள்ளுபடியானால், இருந்த 5 லட்சப் பாதுகாப்பும் போயிருக்கும். புதிய பத்திரம் கைக்கு வந்த பிறகு பழையதைத் தொடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. பாலிசியைத் தொடர்ந்தாலும் கூட, 5 லட்சம் ஒரு குடும்பத்துக்குப் போதாது என்பதால் டேர்ம் எப்படியும் தேவை.

அடுத்தது கடன். கிரெடிட் கார்டு பாக்கியோ 14 சதவீதத்துக்கு வாங்கிய தனிநபர் கடனோ இருந்தால் சரண்டர் பணம் நேரே அங்கே போகட்டும். அதை விட நிச்சயமான 14 சதவீதம் வேறெங்கும் கிடைக்காது. கடனும் இல்லை, அவசரத்துக்கு ஆறு மாதச் செலவும் வங்கியில் இருக்கிறது என்றால் 12 வருடத்துக்கு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டின், ஏஜென்ட் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான். 1,72,800-ஐ ஒன்பது பத்து மாதமாகப் பிரித்தும், 25,000 பிரீமியத்தை மாதம் 2,083 ரூபாய் எஸ்.ஐ.பி.யாகவும் போடலாம். வருடம் 10 சதவீதம் என்று வந்தால் சுமார் 11.3 லட்சம். இப்போதைய விதியில் வருடம் 1.25 லட்சத்துக்கு மேலான லாபத்துக்கு 12.5 சதவீத வரி போக 10.6 லட்சம் அளவு நிற்கும். பாலிசியின் 9 லட்சத்தை விட ஒன்றரை லட்சம் கூடுதல். அந்த 10 சதவீதத்தை யாரும் எழுதித் தரப்போவதில்லை. சந்தை 30 சதவீதம் விழுந்த வருடத்தில் எஸ்.ஐ.பி.யை நிறுத்திவிடுவோம் என்று தோன்றினால், அந்த ஒன்றரை லட்சத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

கிளையில் செய்ய வேண்டியது: 5074 எண் சரண்டர் படிவம், அசல் பாலிசிப் பத்திரம், பான், ஆதார் நகல், பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை. உங்கள் பாலிசியைப் பராமரிக்கும் கிளையில் கொடுங்கள். பத்திரத்தில் இருக்கும் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் இனிஷியல் வரை ஒத்துப்போகாவிட்டால் பணம் அங்கேயே நின்றுவிடும். பத்திரம் தொலைந்திருந்தால் இழப்பீட்டு உறுதிப் பத்திரம் எழுதித் தர வேண்டியிருக்கும். வீட்டுக்கடனுக்காகப் பாலிசியை வங்கியின் பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்தால், முதலில் அதைத் திரும்ப எழுதி வாங்கி வர வேண்டும். படிவத்தைக் கொடுக்கும்போது, இதே பணத்தில் இன்னொரு 'நல்ல பிளான்' இருக்கிறது என்று அங்கேயே சொல்வார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் ஆரம்ப வருடக் கமிஷனை இரண்டாவது முறையும் நீங்களே கட்டுகிறீர்கள்.