நூறு கிலோ வாங்கினால் விலை சொல்வது எண்பது கிலோவுக்கு

கேள்வி: கும்பகோணம் பக்கம் சின்னதாகக் காய்கறிக் கடை போட்டிருக்கிறேன். மார்க்கெட் விலையோடு வண்டி வாடகை, சுங்கம், அழுகல் எல்லாம் சேர்த்து என்ன விலைக்கு விற்பது என்று பிடிபடவில்லை. நீங்கள் எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள்?

பதில்:

திருவையாற்றில் பன்னிரண்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். சரக்கு எடுப்பது திருச்சி காந்தி மார்க்கெட்டில். தக்காளியை வைத்தே சொல்கிறேன், அதிகம் கையைக் கடிப்பது அதுதான்.

போன மாதம் ஒருநாள் எடுத்த சரக்கு இது. பெட்டி எடை போக 25 கிலோ நிற்கிற நாலு பெட்டி, கிலோ 24 ரூபாய். ஆக 100 கிலோவுக்கு 2,400. குட்டியானை வாடகை 2,000 ரூபாய். அன்றைக்கு எல்லாக் காயும் சேர்த்து 500 கிலோ ஏற்றினேன், அதனால் கிலோவுக்கு 4 ரூபாய். வாடகையை எடைக்குத்தான் பிரிக்க வேண்டும், காயின் விலைக்குப் பிரிக்கக் கூடாது. இருபது ரூபாய் உருளைக்கும் எண்பது ரூபாய் பீன்ஸுக்கும் வண்டியில் ஒரே பாரம்தானே. சுங்கமும் ஏற்று இறக்குக் கூலியும் பெட்டிக்கு 25 ரூபாய், அதாவது கிலோவுக்கு 1 ரூபாய். ஆகக் கடை வாசலில் இறங்கும்போது தக்காளி கிலோ 29 ரூபாய்.

பலர் தப்பு செய்யும் இடம் இதற்கு அடுத்ததுதான். அழுகலுக்கு எட்டு சதவீதம் என்று 29-உடன் சேர்த்து, 31 ரூபாய் சொச்சம் அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் போட்டேன். கல்லாவில் பணம் புரண்டதே தவிர, மாசக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை.

அப்புறம் கடைக்குப் பின்னால் இரண்டு கூடை வைத்தேன். ஒன்றில் குப்பைக்குப் போவது, இன்னொன்றில் அமுங்கிப்போய் ஓட்டலுக்குக் குறைந்த விலைக்குக் கொடுப்பது. இரண்டையும் தினமும் எடை போட்டு நோட்டில் எழுதினேன். அடிப்பெட்டியில் பாரம் தாங்காமல் வெடித்த பழம், காம்புக் குழியில் வெள்ளையாகப் பூத்த பழம் எல்லாம் சேர்த்து, நான் சொன்ன நூறு கிலோவில் 8 கிலோ குப்பைக்குப் போனது. 12 கிலோ ஓட்டலுக்கு 15 ரூபாய் மேனிக்குப் போனது. நல்ல விலைக்கு விற்க நின்றது 80 கிலோதான்.

குப்பைக்குப் போன 8 கிலோவும் 29 ரூபாய் தின்றுவிட்டுத்தான் போயிருக்கிறது: 232 ரூபாய். ஓட்டலுக்குப் போன 12 கிலோவில் கிலோவுக்கு 14 நஷ்டம்: 168 ரூபாய். மொத்தம் 400. இந்த நானூறையும் மிச்சமுள்ள 80 கிலோதான் சுமக்க வேண்டும், கிலோவுக்கு 5 ரூபாய். ஆக உண்மையான அடக்கம் 34.

கடை வாடகை, கரண்ட், பையன் சம்பளம், பை எல்லாம் எனக்கு ஒரு நாளைக்கு 900 ரூபாய். சுமார் 300 கிலோ விற்கிறேன், கிலோவுக்கு 3 ரூபாய். ஆக 37. அதன்மேல் 7 ரூபாய் லாபம் வைத்து 44 என்று எழுதினேன். ஏன் 45 இல்லை? நம்ம பக்கம் பாதிப் பேர் கால் கிலோதான் வாங்குகிறார்கள். 44 என்றால் கால் கிலோ பதினோரு ரூபாய், சில்லறைச் சிக்கல் இல்லை. 45 என்றால் பதினொன்றேகால். பன்னிரண்டு என்று கேட்டால் மனக்கசப்பு வரும், பதினொன்று வாங்கினால் 44-க்கே விற்ற மாதிரிதான்.

சரி, பக்கத்துக் கடையில் 40 என்று போட்டிருந்தால்? அங்கே விலையைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் வாங்கும் அளவைப் பாருங்கள். நான் இரண்டு பெட்டி மட்டும் எடுத்த நாட்களில் 50 கிலோவில் 3 கிலோதான் குப்பைக்குப் போனது, 3 கிலோ ஓட்டலுக்கு. அடக்கம் 32-க்கு இறங்கிவிட்டது. வண்டியில் மிச்ச இடத்துக்கு வெங்காயமோ உருளையோ ஏற்றிவிட்டால் வாடகையும் கூடாது, அவை சீக்கிரம் கெடுவதும் இல்லை.

ஆனால் இந்தக் கூடைக் கணக்கு வருடம் முழுக்க ஒன்றாக இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தக்காளி ஈரத்தோடு வரும். என் நோட்டில் அந்த மாதங்களில் குப்பைக் கூடை எடை இரண்டு மடங்கு. அப்போது 44-க்கு விற்றால் கிலோவுக்கு 7 ரூபாய் லாபம் பாதிக்கும் கீழே போய்விடும். கொள்ளிடப் படுகையிலிருந்து காலையில் சைக்கிளில் வருகிற கத்தரிக்காய்க்கு வண்டி வாடகையும் இல்லை, சுங்கமும் இல்லை. அதற்குத் தனி விலை போடுங்கள், திருச்சிக் கத்தரியோடு ஒரே குவியலாகக் கொட்டாதீர்கள்.

நேற்றைய தக்காளி மிச்சமிருக்கும்போது இன்று மார்க்கெட்டில் 16-க்கு இறங்கிவிட்டால், 34 அடக்கம் என்று அதைக் கட்டிக்கொண்டு உட்காராமல் இன்றைய சில்லறை விலைக்கே மதியத்துக்குள் தள்ளிவிடுங்கள். சாயங்காலம் வரை வைத்தால் அது ஓட்டல் கூடைக்குத்தான் போகும்.